மொத்தப் புரதம் நார்மல், ஆல்புமின் மட்டும் ஏன் 2.6?

*"அப்பாவுக்கு வயது 61, எடை 64 கிலோ. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு, மது பழக்கம் கிடையாது. சில மாதங்களாக மாலையானால் இரண்டு கால்களும் வீங்குகின்றன. ரத்தப் பரிசோதனையில் மொத்தப் புரதம் 7.4, ஆல்புமின் 2.6, குளோபுலின் 4.8, ஏ/ஜி விகிதம் 0.54. எஸ்ஜிபிடி 34, எஸ்ஜிஓடி 48, பிலிருபின் 1.4. ஐஎன்ஆர் 1.5, ஃபைப்ரினோஜன் 230, பிளேட்லெட் 92,000, கால்சியம் 7.9. டாக்டர் 'கல்லீரல் சுருங்கியிருக்கலாம், சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்க வேண்டும்' என்றார். மொத்தப் புரதமும் என்சைமும் நார்மலாக இருக்கும்போது கல்லீரல் எப்படிக் கெட்டிருக்க முடியும்? முட்டை வெள்ளைக்கரு நிறையக் கொடுத்தாலோ ஆல்புமின் ஏற்றினாலோ சரியாகிவிடுமா? கால்சியம் குறைவு என்பதால் மாத்திரையும் வாங்கி வைத்திருக்கிறோம்."*

அந்த அறிக்கையில் உங்களுக்கு ஆறுதல் தந்த 7.4 என்ற எண்ணைத்தான் முதலில் ஒதுக்கிவைக்க வேண்டும். அது ஒரு கூட்டுத்தொகை. ஆல்புமின் இருக்க வேண்டிய 3.5 முதல் 5.0 கிராமுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. குளோபுலின் இருக்க வேண்டிய 2.0 முதல் 3.5 கிராமுக்கு மேலே ஏறியிருக்கிறது. ஒன்றின் குறைவை மற்றொன்றின் மிகுதி மறைத்துவிட்டதால் கூட்டினால் சரியாக வருகிறது. (இங்கே நான் சொல்லும் புரத அளவுகள் எல்லாம் 100 மில்லி சீரத்துக்குக் கிராம் கணக்கு, ஃபைப்ரினோஜன் மட்டும் 100 மில்லி பிளாஸ்மாவுக்கு மில்லிகிராம்.)

குளோபுலின் என்று அச்சிடப்பட்டிருக்கும் 4.8 தனியாக அளக்கப்பட்டதும் அல்ல. பரிசோதனைக் கூடம் மொத்தப் புரதத்தை ஒரு முறையில் அளக்கிறது, ஆல்புமினை ஒரு சாயத்தோடு சேர்த்து நிறம் பார்த்து அளக்கிறது. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவதற்குக் குளோபுலின் என்று பெயர். அந்த மிச்சத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட புரதங்கள் இருக்கின்றன. சில கல்லீரலில் பிறந்தவை, சில அப்படி அல்ல. உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி இரண்டும் கல்லீரல் செல்களுக்குள் இருக்கும் என்சைம்கள். செல் அடிபட்டு உடையும்போது ரத்தத்தில் கசியும். ஆகவே அந்த எண்கள் இன்று எத்தனை செல்கள் சேதமாகின்றன என்று சொல்லும். மிச்சமிருக்கும் செல்கள் வேலை செய்கின்றனவா என்று சொல்லாது. பல ஆண்டுகளாக மெதுவாகத் தழும்பேறிய கல்லீரலில் உடைவதற்கே செல்கள் குறைவு. அங்கே எஸ்ஜிபிடி 34 என்று இருப்பது சாதாரணம். அதைவிட எஸ்ஜிஓடி சற்றே கூடுதலாக இருப்பதும் சுருங்கிய கல்லீரலில் அடிக்கடி காணும் அமைப்பு. கல்லீரலின் வேலைத்திறனைப் பார்க்க வேண்டுமானால் அது செய்து அனுப்பும் பொருள்களைப் பார்க்க வேண்டும்: ஆல்புமின், ரத்தம் உறைவதற்கான காரணிகள், ஃபைப்ரினோஜன்.

ஆல்புமினை உடலில் கல்லீரல் செல் மட்டுமே செய்கிறது. ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10 முதல் 15 கிராம் வரை உற்பத்தியாகிறது. செல்லுக்குள் சொரசொரப்பான எண்டோபிளாச வலையில் நீளமான ஒரு முன்வடிவமாக அது பிறக்கும். வழிகாட்டியாக முன்னால் ஒட்டியிருக்கும் 18 அமினோ அமிலத் துண்டு அங்கேயே வெட்டப்படும். பிறகு கோல்கி பகுதியில் இன்னொரு 6 அமினோ அமிலத் துண்டும் போகும். 585 அமினோ அமிலங்கள் கொண்ட முழு ஆல்புமின் உடனே ரத்தத்துக்குள் விடப்படுகிறது. மற்ற பெரும்பாலான பிளாஸ்மா புரதங்களைப் போல இதில் சர்க்கரைக் கிளைகள் ஒட்டப்படுவதில்லை. முக்கியமானது, கல்லீரல் இதைச் சேமித்து வைப்பதில்லை. உற்பத்தி குறைந்தால் எடுத்துக் கொடுக்க இருப்பு எதுவும் கிடையாது.

ஆனால் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆல்புமின் மெதுவாகத்தான் தீரும். அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 20 நாள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆல்புமின் 4.2 இருக்கும் ஒருவருக்கு இன்று கல்லீரல் உற்பத்தியை முழுவதுமாக நிறுத்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 5 நாள் கழித்துப் பார்த்தால் அளவு இன்னும் 3.5 அளவில் இருக்கும். அறிக்கை 'நார்மல்' என்றே சொல்லும். உற்பத்தி பாதியாக மட்டும் குறைந்திருந்தால் 10 நாளுக்குப் பிறகும் 3.6 இருக்கும். அதனால்தான் திடீரென்று கல்லீரல் செயலிழந்தவருக்கு ஆல்புமின் நன்றாகவே தெரியும். மாறாக, வேறு காரணமில்லாமல் ஒருவருக்கு 2.6 வந்திருந்தால் அது சென்ற வாரத்தில் நடந்ததாக இருக்க வாய்ப்பு குறைவு. பல வாரங்களாக, பல மாதங்களாக வரவு குறைந்திருக்கிறது அல்லது செலவு கூடியிருக்கிறது. கல்லீரல் சுருக்கத்தில் இன்னொன்றும் சேர்கிறது: உடல் உப்பையும் நீரையும் பிடித்துவைப்பதால் பிளாஸ்மாவின் கொள்ளளவே பெருகி, இருக்கிற ஆல்புமினும் நீர்த்துப்போகிறது. 2.6 என்பது முழுக்க உற்பத்திக் குறைவு அல்ல, ஒரு பங்கு நீர்த்தலும் கூட.

கால் வீக்கத்துக்கு வருவோம். ரத்தக் குழாய்க்குள் தண்ணீரை இழுத்து வைத்திருக்கும் விசை சுமார் 25 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். அதில் முக்கால் பங்குக்கு மேல் ஆல்புமினுடையது. அப்படியானால் குளோபுலின் 4.8 வரை ஏறியிருக்கிறதே, அது ஈடுகட்டக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். கூடாது, ஏனென்றால் இந்த விசை புரதத்தின் எடையைப் பார்ப்பதில்லை, துகள்களின் எண்ணிக்கையைப் பார்க்கிறது. ஆல்புமின் மூலக்கூறின் எடை சுமார் 66,500. குளோபுலின் மிகுதியில் முக்கியமானதான ஐஜிஜி என்ற நோய் எதிர்ப்புப் புரதம் சுமார் 1,50,000. ஒரே எடையில் ஆல்புமின் என்றால் இரண்டு மடங்குக்கு மேல் துகள்கள். போதாததற்கு ஆல்புமினில் எதிர்மின்னூட்டம் அதிகம் என்பதால் சோடியத்தையும் அதோடு சேர்ந்து நீரையும் தன் பக்கம் பிடித்துக்கொள்கிறது. எனவே 2 கிராம் ஆல்புமின் போய் 2 கிராம் குளோபுலின் வந்தால் மொத்தப் புரதம் அப்படியே இருக்கும், கால் வீங்கும். உங்கள் அப்பாவுக்கு நடந்திருப்பது இதுதான். வீக்கத்தை முழுதுமாக ஆல்புமின் தலையில் கட்டவும் வேண்டாம். கல்லீரலுக்குள் நுழையும் போர்ட்டல் சிரையின் அழுத்தமும், சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைப்பதும் அதில் பங்காளிகள். பிளேட்லெட் 92,000 இருப்பது அந்தச் சிரையின் அழுத்தம் கூடி மண்ணீரல் பெருத்திருக்கலாம் என்பதற்கான குறிப்பு. அது எலும்பு மஜ்ஜை நோய் என்று யாராவது பயமுறுத்தினால், முதலில் வயிற்று ஸ்கேனில் மண்ணீரலின் நீளத்தைக் கேளுங்கள்.

இனி அந்த 4.8. குளோபுலின்களை மின்புலத்தில் ஓடவிட்டுப் பிரித்தால் ஆல்பா 1, ஆல்பா 2, பீட்டா, காமா என்று நான்கு பட்டைகளாக நிற்கும். முதல் மூன்றும் ஏறத்தாழக் கல்லீரலின் சரக்கு: நுரையீரலை உடலின் சொந்த என்சைம்களிடமிருந்தே காக்கும் ஆல்பா 1 ஆன்டிட்ரிப்சின், சிதைந்த ரத்த அணுவிலிருந்து வெளிவரும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும் ஹாப்டோகுளோபின், தாமிரத்தோடு இணைந்திருக்கும் செருலோபிளாஸ்மின், இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின், கிருமியைத் தாக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்கள். காமா பட்டை வேறு வீட்டுப் பிள்ளை. அது நோய் எதிர்ப்புப் புரதங்களான இம்யூனோகுளோபுலின்கள். எலும்பு மஜ்ஜை, மண்ணீரல், நிணநீர் முடிச்சுகளில் இருக்கும் பிளாஸ்மா செல்கள்தான் அவற்றைச் செய்கின்றன. கல்லீரலுக்கு அதில் பங்கே இல்லை.

அப்படியானால் கல்லீரல் கெடும்போது அது ஏன் ஏறுகிறது? குடலிலிருந்து கிருமிகளின் துணுக்குகள் போர்ட்டல் சிரை வழியே தினமும் கல்லீரலுக்கு வந்துகொண்டே இருக்கும். அங்கே குப்ஃபர் செல்கள் அவற்றை விழுங்கிவிடும். தழும்பேறிய கல்லீரலில் அந்த ரத்தத்தில் ஒரு பகுதி பக்க வழிகளில் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு பொது ரத்த ஓட்டத்தில் கலந்துவிடுகிறது. வடிகட்டப்படாத துணுக்குகள் மண்ணீரலையும் மஜ்ஜையையும் அடைகின்றன. அங்கிருக்கும் செல்கள் பல வகைப் பட்ட எதிர்ப்புப் புரதங்களை ஓயாமல் செய்கின்றன. கல்லீரலின் உற்பத்தி குறைந்தது ஆல்புமினில் தெரிகிறது. அதன் வடிகட்டும் வேலை குறைந்தது குளோபுலினில் தெரிகிறது. ஆல்புமினைக் குளோபுலினால் வகுத்து வரும் ஏ/ஜி விகிதம் 0.54 என்று தலைகீழாவதற்கு இரண்டும் காரணம்.

இதை ஊகமாக விட்டுவிட வேண்டியதில்லை. சீரம் புரத எலக்ட்ரோபோரேசிஸ் என்ற பரிசோதனை இருக்கிறது. கல்லீரல் சுருக்கத்தில் காமா பகுதி அகலமான மேடாகத் தெரியும். ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் மிகுவதால் பீட்டாவுக்கும் காமாவுக்கும் நடுவே இருக்க வேண்டிய பள்ளம் நிரம்பி, இரண்டும் பாலம் போட்டதுபோல் இணைந்திருக்கும். மாறாகக் குறுகிய, ஊசி முனைபோன்ற ஒரே ஒரு சிகரம் தெரிந்தால் கதை வேறு. அது ஒரே குலத்துப் பிளாஸ்மா செல்கள் பெருகுவதன் அடையாளம்; மயலோமா என்ற புற்றுநோய் போன்றவற்றை நோக்கித் தேட வேண்டும். மொத்தப் புரதத்துக்கும் ஆல்புமினுக்கும் இடைவெளி 4-ஐத் தாண்டும்போது இந்தப் பரிசோதனையைக் கேட்பது வழக்கம், உங்களுக்கு 4.8. மாதிரியைச் சீரமாக, அதாவது ரத்தம் முழுதாக உறைந்த பிறகு பிரித்து எடுத்தார்களா என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். உறையாமல் தடுத்த பிளாஸ்மாவை ஓடவிட்டால் ஃபைப்ரினோஜன் பீட்டாவுக்கும் காமாவுக்கும் நடுவே ஒரு கூர்மையான கோடாக விழும். அதைப் புற்றுநோய்ச் சிகரம் என்று நினைத்துக் குடும்பமே கலங்குவது உண்டு.

கூடவே ஐஜிஜி அளவையும் தன்னெதிர்ப்பு ஆன்டிபாடிகளையும் பார்க்கச் சொல்வேன். கல்லீரலைத் தன் உடலே தாக்கும் ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ் நோயில் ஐஜிஜி தனித்து உயர்ந்திருக்கும். அதற்கு ஸ்டீராய்டு சிகிச்சை உண்டு என்பதால் தவறவிடக் கூடாது. மஞ்சள் காமாலை பி, சி வைரஸ் பரிசோதனைகளும் இதுவரை செய்யப்படவில்லை என்றால் செய்யப்பட வேண்டும். நீண்ட காலச் சர்க்கரை நோயோடு வரும் கொழுப்புக் கல்லீரலே மதுப் பழக்கம் இல்லாதவருக்குச் சுருக்கத்தை உண்டாக்கப் போதுமானது. ஆனாலும் மற்ற காரணங்களை விலக்கிய பிறகே அந்த முடிவுக்கு வருவது நல்லது.

உங்கள் டாக்டர் சிறுநீரை ஏன் கேட்டார் என்பதற்கு இப்போது வருகிறேன். ஆல்புமின் 2.6 ஆவதற்குக் கல்லீரல் ஒன்றே காரணமாக இருக்க வேண்டியதில்லை. சர்க்கரை நோயால் சிறுநீரக வடிகட்டி ஓட்டையானாலும் ஆல்புமின் சிறுநீரில் போகும். கடுமையான அழற்சியோ நோய்த்தொற்றோ வந்தாலும் இறங்கும். இந்த மூன்றையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவது ஆல்புமின் அல்ல, அதைச் சுற்றி இருக்கும் மற்ற புரதங்கள்.

சிறுநீரகத்தில் புரதம் இழக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லீரல் நன்றாக இருக்கிறது. ரத்தத்தில் ஆல்புமின் குறைந்து நீர் இழுவிசை தளர்ந்ததை அது உணர்கிறது, உற்பத்தியைக் கூட்டுகிறது. ஆனால் ஆல்புமினை மட்டும் கூட்டாமல் பல புரதங்களையும் கொழுப்புப் புரதங்களையும் சேர்த்தே கூட்டிவிடுகிறது. சிறியவை வடிகட்டி வழியே தப்பிவிடுகின்றன. பெரியவை வெளியேற முடியாமல் ரத்தத்தில் குவிகின்றன. ஆல்பா 2 மேக்ரோகுளோபுலினின் எடை 7 லட்சத்துக்கு மேல், அது எங்கும் போகாது. எனவே ஆல்பா 2 பட்டை உயர்ந்து நிற்கும். ஃபைப்ரினோஜன் 500, 600 என்று போகும், கொலஸ்டிரால் ஏறும். ஐஜிஜி சிறுநீரில் போய்விடுவதால் காமா தாழும். மொத்தப் புரதம் 5 அளவுக்கு இறங்கும். அவருடைய ஆல்புமினும் 2.6 ஆக இருக்கலாம். ஆனால் சுற்றியிருப்பவை எல்லாம் உங்கள் அப்பாவுக்கு நேர்மாறு.

அழற்சியில் இன்னொரு விதம். இன்டர்லூக்கின் 6 என்ற செய்தி கல்லீரலை எட்டினால், அது ஆல்புமின் உற்பத்தியைத் தணித்து, சிஆர்பி, ஹாப்டோகுளோபின், ஃபைப்ரினோஜன் ஆகியவற்றைப் பெருக்கும். ரத்தக் குழாய்ச் சுவர் கசிவதால் ஆல்புமின் திசுக்களுக்குள் நழுவிவிடும். எனவே 20 நாள் அரை ஆயுள் என்ற கணக்கை மீறி இரண்டு மூன்று நாளிலேயே ஒரு கிராம் வரை குறைய முடியும். நிமோனியாவோடு படுத்திருப்பவரின் ஆல்புமினை வைத்துக் கல்லீரலையோ ஊட்டச்சத்தையோ எடைபோடுவது வீண் வேலை என்று நான் நினைப்பது இதனால்தான். அவருக்கு ஃபைப்ரினோஜனும் சிஆர்பியும் உயர்ந்தே இருக்கும்.

உங்கள் அப்பாவின் ஃபைப்ரினோஜன் 230. நார்மல் வரம்பு 200 முதல் 400 வரை என்பதால் இதையும் நிம்மதிக்குரிய எண்ணாக எடுத்துக்கொண்டிருப்பீர்கள். அது என்ன புரதம் என்று பார்த்தால்தான் இந்த எண்ணின் பொருள் விளங்கும். மூன்று வகைச் சங்கிலிகள் இரண்டிரண்டாக, ஆக ஆறு சங்கிலிகள் கொண்ட நீளமான மூலக்கூறு. எடை சுமார் 3,40,000. அரை ஆயுள் 3 முதல் 5 நாள். ரத்தம் கசியும் இடத்தில் த்ராம்பின் என்ற என்சைம் இதன் முனையிலிருந்து சிறு துண்டுகளை வெட்டிவிடும். வெட்டுப்பட்டவை ஒன்றோடொன்று ஒட்டி நூலாகின்றன. காரணி 13 அந்த நூல்களைக் குறுக்கே பிணைத்து உறுதியாக்குகிறது. உறைந்த கட்டியின் வலை இதுதான். சீரம் என்பது இந்த வலை விழுந்த பிறகு மிஞ்சும் நீர், அதனால் அதில் ஃபைப்ரினோஜன் இருக்காது. உங்கள் அறிக்கையின் 7.4-இல் இது சேர்ந்திருக்கவில்லை. தனிக் குழாயில் எடுத்த ரத்தத்தில்தான் அளந்திருப்பார்கள்.

கல்லீரல் கெடும்போது ஃபைப்ரினோஜன் கடைசியில்தான் இறங்கும். கல்லீரலுக்கு அதில் மிகுந்த இருப்புத் திறன் உண்டு. நாட்பட்ட கல்லீரல் நோயில் சிறிய அழற்சி எப்போதும் இருப்பதால் அது உற்பத்தியைத் தூண்டிக்கொண்டும் இருக்கும். ஆகவே 230 என்பது 'கல்லீரல் நன்றாக இருக்கிறது' என்று சொல்லவில்லை. ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்கிறது: சிறுநீரக இழப்போ பெரிய அழற்சியோ மட்டும் இந்த ஆல்புமினுக்குக் காரணமாக இருந்திருந்தால் இது இவ்வளவு அடக்கமாக இருந்திருக்காது. 100-க்கும் கீழே போனால் அது தீவிரக் கட்டம். இன்னொரு நுணுக்கமும் உண்டு. நோயுற்ற கல்லீரல் செய்யும் ஃபைப்ரினோஜனில் சயாலிக் அமிலம் கூடுதலாக ஒட்டியிருக்கும். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் நூலாகப் பின்னிக்கொள்வது தாமதமாகும். அளவு நார்மல், த்ராம்பின் நேரம் மட்டும் நீளம் என்று வந்தால் இதை நினைக்க வேண்டும்.

ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் 1.5 ஆனது ஃபைப்ரினோஜனால் அல்ல. அதை முதலில் நீட்டுவது காரணி 7. அதன் அரை ஆயுள் சில மணி நேரம்தான். கல்லீரலின் இன்றைய உற்பத்தியைக் காட்டும் வேகமான கடிகாரம் அது, ஆல்புமின் மெதுவான கடிகாரம். ஆனால் காரணி 2, 7, 9, 10 நான்குக்கும் கல்லீரலோடு வைட்டமின் கே-யும் தேவை. சரியாகச் சாப்பிடாதவருக்கும், நீண்ட நாள் ஆன்டிபயாடிக் எடுத்தவருக்கும், பித்தம் குடலுக்குள் இறங்காதவருக்கும் அது குறையும். டாக்டர் வைட்டமின் கே 10 மில்லிகிராம் ஊசியாகக் கொடுத்து, 24 மணி நேரம் கழித்து ஐஎன்ஆர் மறுபடி பார்க்கலாம். 1.1-க்கு இறங்கிவிட்டால் குறை வைட்டமினில் இருந்தது. 1.5-இலேயே நின்றால் கல்லீரல் செல்லில் இருக்கிறது. மறுபரிசோதனைக்கு முன் இன்னொன்று: நீல மூடிக் குழாயில் 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட் என்று கணக்கிட்டு வைத்திருப்பார்கள். குறியிட்ட கோடு வரை ரத்தம் நிரம்பவில்லை என்றால் சிட்ரேட் மிகுந்து ஐஎன்ஆர் பொய்யாக நீளும்.

இந்த 1.5-ஐப் பார்த்து 'ரத்தம் தண்ணீராக இருக்கிறது' என்று வீட்டில் பேச ஆரம்பித்திருந்தால் நிறுத்துங்கள். உறைய வைக்கும் காரணிகளைப் போலவே உறைவதைத் தடுக்கும் புரதம் சி, புரதம் எஸ், ஆன்டித்ராம்பின் ஆகியவற்றையும் கல்லீரல்தான் செய்கிறது. அவையும் சேர்ந்தே குறைகின்றன. ஐஎன்ஆர் அந்தப் பக்கத்தை அளப்பதே இல்லை. கல்லீரல் சுருக்கத்தில் ரத்தக்கசிவும் வரலாம், போர்ட்டல் சிரையில் ரத்தம் உறைந்து அடைப்பும் வரலாம்.

உணவு, மருந்து பற்றி. முட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் ஆல்புமின் அப்படியே ரத்தத்துக்குள் போவதில்லை. வயிற்றிலும் குடலிலும் அமினோ அமிலங்களாக உடைந்துதான் கல்லீரலை அடைகிறது. மற்ற எந்தப் புரத உணவும் அதே வேலையைத்தான் செய்யும். உங்கள் அப்பாவிடம் தட்டுப்பாடு மூலப்பொருளில் இல்லை, செய்யும் செல்களில். எனவே தினம் பத்து வெள்ளைக்கரு கொடுத்தாலும் அடுத்த அறிக்கையில் ஆல்புமின் 4 ஆகாது. அதற்காகப் புரதத்தைக் குறைத்தும் விடாதீர்கள். கல்லீரல் நோயென்றால் புரதம் ஆகாது என்ற பழைய யோசனை தசையைத்தான் கரைக்கும். கல்லீரல் சுருக்கத்தில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தேவை. 64 கிலோவுக்கு அது நாளொன்றுக்கு 77 முதல் 96 கிராம். ஒரு முழு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம் என்பதை வைத்து மீதியைப் பருப்பு, பால், மீன் என்று பிரித்துக்கொள்ளலாம். தூங்கப் போகும் முன் சிறிது புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்த ஒரு சிற்றுணவு தருவது தசை கரைவதைக் குறைக்கும். வீக்கத்துக்கு உண்மையில் உதவுவது உப்பைக் குறைப்பதுதான்: எல்லா உணவிலும் சேர்த்து நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. கால் வீங்குகிறதே என்று தண்ணீரைத் தானாகக் குறைக்க வேண்டாம். சிறுநீரக அளவுகள் மோசமாக இருந்தால் மட்டும் புரதக் கணக்கை டாக்டர் மாற்றுவார்.

ஆல்புமின் ஏற்றுவது எண்ணைத் திருத்துவதற்கான வழி அல்ல. 20 சதவீத ஆல்புமின் 100 மில்லி பாட்டிலில் 20 கிராம் இருக்கும். 3 லிட்டர் பிளாஸ்மாவில் அது கலந்தவுடன் 0.6 அல்லது 0.7 ஏறும். ஆனால் உடலின் ஆல்புமினில் பாதிக்கும் மேல் ரத்தக் குழாய்க்கு வெளியே இருப்பது. ஏற்றியதும் அதே போலப் பரவிவிடும். ஓரிரு நாளில் மிஞ்சுவது 0.3 அளவே. 2021-இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், மருத்துவமனையில் சேர்ந்த கல்லீரல் சுருக்க நோயாளிகளுக்கு அளவை 3-க்கு மேல் நிறுத்தத் தினமும் ஆல்புமின் ஏற்றிப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சையைவிட நன்மை கிடைக்கவில்லை. அதற்கு உரிய இடங்கள் வேறு: வயிற்று நீரை 5 லிட்டருக்கு மேல் ஒரே முறையில் எடுக்கும்போது லிட்டருக்கு 6 முதல் 8 கிராம், வயிற்று நீரில் கிருமித்தொற்று வந்தால் முதல் நாள் கிலோவுக்கு 1.5 கிராம், மூன்றாம் நாள் 1 கிராம். உங்கள் அப்பாவுக்கு இப்போது இவை எதுவும் இல்லை.

கால்சியம் மாத்திரையை இப்போதைக்குப் பிரிக்காமல் வைத்திருங்கள். ரத்தக் கால்சியத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் ஆல்புமினோடு ஒட்டியிருக்கும். ஆல்புமின் குறைந்தால் ஒட்டிய பங்கு குறையும். உடலுக்கு வேலை செய்யும் தனித்த கால்சியம் அப்படியே இருக்கலாம். ஆல்புமின் 4-இலிருந்து எவ்வளவு குறைவோ அதை 0.8-ஆல் பெருக்கிக் கால்சியத்தோடு கூட்ட வேண்டும். 4-இல் 2.6 போக 1.4, பெருக்கினால் 1.1, 7.9-உடன் கூட்டினால் 9.0. நார்மல். இந்தக் கணக்கு தோராயமானதுதான், சந்தேகம் இருந்தால் அயனிக் கால்சியத்தை நேரடியாக அளக்கலாம். மருந்துகளுக்கும் இதே விதி பொருந்தும். வலிப்புக்கு ஃபெனிட்டாயின் போன்ற, ஆல்புமினோடு அதிகம் ஒட்டும் மருந்து எதையாவது அவர் எடுத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தத்தில் மொத்த அளவு குறைவாகத் தெரியும்போதே தனித்த பங்கு நச்சாகும் அளவுக்கு இருக்க முடியும்.

அடுத்து, காலைச் சிறுநீரில் புரதம் – கிரியாட்டினின் விகிதம் பாருங்கள். 0.2-க்குள் இருந்தால் சிறுநீரகம் இந்த ஆல்புமினுக்குப் பொறுப்பல்ல. 3.5-ஐத் தாண்டினால் அங்கிருந்து பெரிய இழப்பு இருக்கிறது. சர்க்கரை நோயாளிக்குக் கல்லீரல், சிறுநீரகம் இரண்டும் ஒன்றாகக் கெட்டிருப்பதும் நடக்கும். பிறகு வயிற்று ஸ்கேன், கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன், எலக்ட்ரோபோரேசிஸ், வைரஸ் பரிசோதனைகள். கல்லீரல் சுருக்கம் உறுதியானால் உணவுக்குழாய்ச் சிரைகள் புடைத்திருக்கின்றனவா என்று எண்டோஸ்கோப்பியும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேனும் வேண்டும்.

ஆல்புமினை வாரா வாரம் பார்த்துப் பணத்தையும் நிம்மதியையும் செலவழிக்காதீர்கள்; மூன்று நான்கு வாரத்துக்கு முன் அது எதையும் புதிதாகச் சொல்லாது. பார்க்கும்போது ஒரே கூடத்தில், ஒரே நிலையில் ரத்தம் கொடுங்கள். படுத்திருந்து கொடுத்ததைவிட நடமாடிய பின் கொடுத்தால் 10 சதவீதம் அளவுக்கு அதிகமாகத் தெரியலாம். டிரிப்ஸ் ஏறும் கையில் எடுத்தால் நீர்த்துக் குறைவாகத் தெரியும். சாய முறைகளும் கூடத்துக்குக் கூடம் மாறுபடும். ஆல்புமின் குறைவாக உள்ளவர்களிடம் சில சாயங்கள் மற்றப் புரதங்களோடும் ஒட்டி உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். எனவே ஒரு கூடத்தின் 2.6-உம் வேறொரு கூடத்தின் 2.9-உம் முன்னேற்றம் ஆகிவிடாது. அதற்கு இடையில், உடலில் நீர் சேர்கிறதா என்று அறிய, தினமும் காலையில் எடை பாருங்கள்.

வயிறு உப்பிக்கொண்டே வந்தாலோ, காய்ச்சலோடு வயிறு வலித்தாலோ, மலம் தார்போலக் கறுத்தாலோ, பகலில் தூங்கி இரவில் விழித்துப் பேச்சு குழறினாலோ அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மூட்டுவலி, உடல்வலி என்று ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளைத் தாமாக எடுக்கவும் விடாதீர்கள். கல்லீரல் சுருக்கத்தில் அவை சிறுநீரகத்தை மடக்கிவிடும், வீக்கத்துக்குக் கொடுக்கும் மருந்தையும் வேலை செய்ய விடாது.